பதினைந்து எழுத்தில் ஒரு முகவரி
(குப்பனூரில் சிறுவணிகர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

குப்பனூர் என்று உறையில் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் அந்தக் கடிதம் இங்கேதான் வரும் என்று உறுதியில்லை. சேர்வராயன் மலையடியில் ஒரு குப்பனூர் இருப்பதுபோலக் கோவை மாவட்டத்திலும் குப்பனூர் இருக்கிறது. அதனால்தான் ஊர்ப் பெயருக்குக் கீழே மாவட்டத்தையும் பின்கோடையும் எழுதுகிறோம். சரக்கு வாங்கும்போது நமக்குத் தரப்படும் பில்லிலும் இப்படி ஒரு பின்கோடு உண்டு. அதுதான் வாங்குபவரின் ஜிஎஸ்டி எண். பெயரும் தெருவும் சரியாக இருந்து அந்தப் பதினைந்து எழுத்து மட்டும் பிசகினால், நாம் கொடுத்த வரி வேறொருவர் வீட்டு வாசலில் போய் இறங்கிவிடுகிறது. அதை மீட்பதற்காகச் சரக்கு கொடுத்தவருக்கு நாம் எழுதும் ஒரு கடிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். என் வாதம் ஒன்றே. ‘சரியான எண் போட்டு வேறு பில் கொடுங்கள்’ என்று மட்டும் கேட்கும் கடிதம் பாதிக் கடிதம். தவறு பில்லில் கண்ணுக்குத் தெரிகிறது என்றாலும் அது உட்கார்ந்திருக்கும் இடம், கொடுத்தவர் அரசுக்குத் தாக்கல் செய்த ரிட்டர்ன். அதைத் திருத்தச் சொல்லாத கடிதத்தால் ஒரு ரூபாயும் திரும்பி வராது.

பேச்சுக்கு ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். குப்பனூரில் ஒருவர் மலையிலிருந்து வரும் காப்பிக்கொட்டையை வறுத்து, அரைத்து, சிக்கரி கலக்காத பொடியாகப் பவுச்சில் அடைத்து விற்கிறார். பவுச்சுகளைச் சேலத்தில் ஒருவரிடம் வாங்குகிறார். 2025 ஜூலை 18ஆம் தேதி ரூ.40,000க்குப் பவுச் வந்தது. பிளாஸ்டிக் பவுச்சுக்கு 18 சதவீத வரி. மத்திய ஜிஎஸ்டி ரூ.3,600, மாநில ஜிஎஸ்டி ரூ.3,600, ஆக மொத்தம் ரூ.47,200. வறுத்து அரைத்த காப்பிக்கு வரி 5 சதவீதம்தான். ஆகவே, பவுச்சில் கொடுத்த ரூ.7,200 வரியைக் கழித்துக்கொண்டால், ரூ.1,44,000க்குப் பொடி விற்கிற வரைக்கும் அவர் கையிலிருந்து வரி கட்ட வேண்டியதில்லை. வியாபாரிகள் ‘இன்புட்’ என்கிறார்களே, உள்ளீட்டு வரி வரவு, அது இவ்வளவுதான். ஒரு சிறு கடையில் ஒன்றரை லட்சத்துப் பொடி எத்தனை நாள் விற்பனை என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பில்லில் எண் தப்பினால் அத்தனை நாள் விற்பனைக்கும் உரிய வரியை அவர் கைப்பணத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும்.

எண் எப்படித் தப்புகிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் கடிதத்தில் என்ன கேட்பது என்பது அதைப் பொறுத்தது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து உரிமையாளரின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பான் எண்ணில் இந்த மாநிலத்தில் எடுத்த எத்தனையாவது பதிவு என்பது. பதினான்காவது பெரும்பாலும் Z. பதினைந்தாவது எழுத்துதான் காவல்காரன். முன்னால் உள்ள பதினான்கையும் ஒரு கணக்கில் போட்டு வரும் விடை அது. விளக்கத்துக்காக நான் கற்பனையாகக் கட்டிய எண் ஒன்று சொல்கிறேன்: 33ABCDE1234F1Z7. இதில் 34 என்பதைக் கை தவறி 43 என்று அடித்தால், கணக்குப்படி கடைசியில் 7 நிற்கக் கூடாது, 6 நிற்க வேண்டும். ஆகவே அரசின் இணையதளம் அந்த எண்ணை ஏற்காமல் தள்ளிவிடும். ஓர் எழுத்து மாறிய தட்டச்சுப் பிழை எதுவும் இந்தக் காவலைத் தாண்டி ரிட்டர்னுக்குள் போக முடியாது.

இதிலிருந்து ஒன்று புரிகிறது. பில்லில் ஓர் எழுத்து மாறியிருந்தால், அது பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிட்ட பிழை. ரிட்டர்னில் கொடுத்தவர் சரியான எண்ணையே ஏற்றியிருப்பார், இல்லையென்றால் ஏற்ற முடியாமல் திண்டாடியிருப்பார். ஆபத்தான பிழை எது என்றால், எண் முழுக்கச் சரியாக இருந்து ஆள் மட்டும் மாறியிருப்பது. நம் உதாரணத்தில் அதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்தில் கடைக்குச் சேர்வராயன் பெயரை வைப்பது இயல்பு. பவுச் வியாபாரியின் கம்ப்யூட்டரில் சேர்வராயன் என்று தொடங்கும் வாடிக்கையாளர் இருவர். பில் போட்ட பையன் பட்டியலில் மேலே இருந்தவரைத் தொட்டுவிட்டு, பெயரையும் முகவரியையும் மட்டும் கையால் மாற்றினான். எண் மாறவில்லை. அந்த எண் உயிரோடு இருக்கிற, உண்மையான ஒரு வியாபாரியுடைய எண். காவல்காரன் அதைத் தடுக்க மாட்டான், தடுக்கக் காரணமும் இல்லை. தனியாக நடத்திய கடையைக் கூட்டு நிறுவனமாக மாற்றியவர்களுக்கும் இதே கதை வரும். பான் மாறியதால் ஜிஎஸ்டி எண்ணும் மாறியிருக்கும், ஆனால் சரக்கு கொடுப்பவர்களின் கம்ப்யூட்டரில் பழைய எண்ணே கிடக்கும்.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் இரண்டு பார்வை பார்க்க வேண்டும். பில்லில் உள்ள எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில், லாகின் இல்லாமலே, வரி செலுத்துவோரைத் தேடும் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் அது யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, நம் ஜிஎஸ்டிஆர்-2பி. சரக்கு கொடுத்தவர் மாதாமாதம் தாக்கல் செய்பவராக இருந்தால், அடுத்த மாதம் 11ஆம் தேதிக்குள் தன் விற்பனை ரிட்டர்னாகிய ஜிஎஸ்டிஆர்-1ஐப் போடுகிறார். 14ஆம் தேதி நமக்கு 2பி உருவாகிறது. ஜூலை மாத பில் ஆகஸ்ட் 14ஆம் தேதி 2பி-யில் வந்திருந்தால், பில்லில் எண் தப்பாக அச்சாகியிருந்தாலும் ரிட்டர்ன் சரியாக இருக்கிறது என்று பொருள். அப்போது காகிதத்தை மட்டும் கேட்டால் போதும். வரவில்லை என்றால் ரிட்டர்னும் தப்பு, அல்லது பில் இன்னும் ஏறவே இல்லை. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் எழுதுகிற கடிதத்துக்கு ‘நாங்கள் சரியாகத்தான் ஏற்றியிருக்கிறோம்’ என்ற ஒரு வரியில் பதில் வந்து, இரண்டு மாதம் கழிந்துவிடும்.

இங்கே ஒருவர் கேட்கலாம். இவ்வளவு நுணுக்கம் எதற்கு? பேனாவால் அடித்து, சரியான எண்ணை மேலே எழுதி, சீல் வைத்து வாங்கிக்கொண்டால் ஆகாதா? விற்பனை வரிக் காலத்தில் பழகிய கை அப்படித்தான் போகும். சரக்குக்கான பில் மூன்று பிரதியாகத் தயாராக வேண்டும் என்று விதி இருக்கிறது. மூலம் வாங்குபவருக்கு, இரண்டாவது வண்டிக்காரருக்கு, மூன்றாவது கொடுப்பவருக்கு. நம் பிரதியில் அடித்து எழுதியது மற்ற இரண்டிலும் ஏறாது, ரிட்டர்னிலும் ஏறாது. அதைவிட முக்கியமான காரணம் மத்திய ஜிஎஸ்டி விதிகளின் 36(2)இல் இருக்கிறது. பில்லில் இருக்க வேண்டிய விவரங்களின் நீண்ட பட்டியலில் சில விடுபட்டாலும் இன்புட் எடுக்கலாம் என்று அந்த விதி பெருந்தன்மையாக ஒரு விலக்குத் தருகிறது. ஆனால் எவை மட்டும் இருந்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது: வரித் தொகை, சரக்கின் விவரம், மொத்த மதிப்பு, கொடுப்பவர் எண், வாங்குபவர் எண், வெளிமாநில விற்பனை என்றால் விநியோக இடம். கவனியுங்கள். வாங்குபவரின் பெயர் இந்தக் குறுகிய பட்டியலில் இல்லை, முகவரி இல்லை, எண் இருக்கிறது. ‘என் பெயர் சரியாகத்தானே இருக்கிறது, எண் ஒரு சின்ன விஷயம்’ என்று வாதாடுகிறவருக்குச் சட்டமே நேரெதிராகப் பதில் சொல்கிறது. பெயரை மன்னிக்கலாம் என்கிற இடத்திலும் எண்ணை மன்னிக்கச் சட்டம் தயாராக இல்லை.

ரிட்டர்ன் ஏன் பில்லைவிடக் கனம் பெற்றது என்பதற்கும் ஒரு தேதி உண்டு. 2022 ஜனவரி 1 முதல் மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 16ஆம் பிரிவில் ஒரு புதிய நிபந்தனை நடைமுறைக்கு வந்தது. கொடுத்தவர் தன் ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டி, அது வாங்கியவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால்தான் வாங்கியவர் இன்புட் எடுக்க முடியும். அதற்கு முன்பு கையில் பில், வந்து சேர்ந்த சரக்கு, கொடுத்தவர் கட்டிய வரி ஆகியவற்றைக் காட்டி வாதாட இடமிருந்தது. இப்போது கையில் தங்கத் தகட்டில் பில் இருந்தாலும் 2பி-யில் இல்லையென்றால் வரவு இல்லை. அதனால்தான் கடிதத்தின் எடை ‘வேறு பில்’ என்பதிலிருந்து ‘ரிட்டர்னில் திருத்தம்’ என்பதற்கு மாற வேண்டும் என்கிறேன்.

சரி, கொடுத்தவர் எந்த வழியில் திருத்துவார்? இதில்தான் மிகுந்த குழப்பம். ‘திருத்திய பில்’ என்று எல்லோரும் சொல்கிறோம். சட்டத்தின் 31ஆம் பிரிவில் திருத்திய விலைப்பட்டியல் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது வேறு காரியத்துக்கு. புதிதாகப் பதிவு எடுத்தவர், பதிவு செல்லத் தொடங்கிய நாளுக்கும் சான்று கைக்கு வந்த நாளுக்கும் இடையே போட்ட பில்களை மாற்றித் தருவதற்கு அது. வாங்குபவர் எண் தப்பியதற்கென்று சட்டம் தனிப் பெயர் சூட்டிய ஆவணம் எதுவும் இல்லை. எனவே வழி, கொடுத்தவர் இப்போது எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது. ரிட்டர்ன் இன்னும் போடவில்லை என்றால் வேலை எளிது. பில்லை ரத்து செய்து வேறு போடலாம். அவர் மின்னணு பில் போடும் கடமை உள்ளவராக இருந்தால், அதாவது ஆண்டு விற்பனை ரூ.5 கோடியைத் தாண்டியவராக இருந்தால், அரசுத் தளத்தில் பெற்ற பதிவை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதே பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 24 மணி நேரம் கடந்துவிட்டால் ரத்து இல்லை, ரிட்டர்ன் வழியாகத்தான் திருத்தம். ரிட்டர்ன் போட்டாகிவிட்டது என்றால், அடுத்த ஜிஎஸ்டிஆர்-1இல் 9ஏ என்ற அட்டவணையில் பழைய பில் எண்ணையும் தேதியையும் காட்டி, வாங்குபவர் எண்ணை மட்டும் மாற்ற வேண்டும்.

இடையில் இரண்டு குறுக்குப் பாதைகள் ஆசை காட்டும். ஒன்று ஜிஎஸ்டிஆர்-1ஏ. 2024 ஜூலை மாதக் கணக்கிலிருந்து வந்த படிவம் இது. ஜிஎஸ்டிஆர்-1 போட்ட பிறகு, வரி கட்டும் 3பி ரிட்டர்ன் போடுவதற்குள், அதே மாதத்திலேயே பிழை திருத்த அனுமதிக்கிறது. தொகை, வரி விகிதம் போன்றவற்றுக்கு நல்ல வழி. ஆனால் வாங்குபவரின் எண்ணை மட்டும் இதில் மாற்ற முடியாது. அதற்கு அடுத்த மாத ஜிஎஸ்டிஆர்-1தான். கடிதத்தில் ‘1ஏ-யில் திருத்துங்கள்’ என்று எழுதினால், கொடுத்தவரின் கணக்குப்பிள்ளை முயன்று பார்த்து முடியாது என்று விட்டுவிடுவார். இரண்டாவது குறுக்குப் பாதை, கிரெடிட் நோட் போட்டுப் பழையதை அடித்துவிட்டுப் புது பில் கொடுப்பது. நடைமுறையில் பலர் செய்கிறார்கள். நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிரெடிட் நோட் எப்போது போடலாம் என்று 34ஆம் பிரிவு சொல்லும் காரணங்கள் மதிப்போ வரியோ கூடிப்போனது, சரக்கு திரும்பியது, சரக்கில் குறை இருந்தது ஆகியவை. எண் தப்பியது அதில் இல்லை. தவிரவும் அந்தக் கிரெடிட் நோட் சம்பந்தமே இல்லாத அந்த மூன்றாம் ஆளின் கணக்குக்குப் போகும். 2024 அக்டோபர் முதல் இயங்கும் பில் மேலாண்மைப் பக்கத்தில் அவர் ‘எனக்குத் தெரியாது’ என்று அதை நிராகரித்தால், கொடுத்தவர் தலையில் மறுபடியும் வரி ஏறும். ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டு பேர் சிக்கிக்கொள்வார்கள்.

அந்த மூன்றாம் ஆளைப் பற்றி ஒரு வார்த்தை. அவரைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. அவருடைய 2பி-யில், அவர் வாங்காத பவுச்சுக்காக ரூ.7,200 தானாக வந்து நிற்கிறது. அவர் பில் மேலாண்மைப் பக்கத்தைப் பார்க்காமல் விட்டால் அது ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும். அவர் கணக்குப்பிள்ளை தானாக நிரம்பிய எண்ணை அப்படியே விட்டால், தனக்கு உரிமையில்லாத வரவை எடுத்துப் பயன்படுத்தியவர் ஆகிவிடுவார். ஒருநாள் வட்டியோடு கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். ஆகவே நம் கடிதம் வெறும் நம் பணத்துக்கான கடிதம் என்று நினைக்க வேண்டாம். அதே பெயரில் கடை வைத்திருக்கும் இன்னொரு எளிய மனிதரின் தலைக்கு வரும் வம்பையும் அது தடுக்கிறது. கொடுத்தவர் ‘என் வரியைத்தான் நான் கட்டிவிட்டேனே, எனக்கென்ன’ என்று சொன்னால் அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலும் இதுதான். அவர் கட்டிய வரித் தொகை மாறாது என்பது உண்மை. ஆனால் அவருடைய இரண்டு வாடிக்கையாளர்களின் கணக்கும் அவர் கையால் கெட்டிருக்கிறது, அதைச் சரிசெய்யும் சாவியும் அவர் ஒருவரிடம் மட்டுமே இருக்கிறது. வாங்கியவர் எத்தனை முறை தளத்துக்குள் போனாலும் அடுத்தவர் போட்ட ரிட்டர்னை மாற்ற முடியாது.

இனி, நான் மிகவும் மதிக்கிற ஓர் எதிர்வாதம். கடிதம் காலத்தில் எழுதாவிட்டால்தான் என்ன, நீதிமன்றம் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றமே அச்சாக இதே பிழையை விசாரித்திருக்கிறது. பென்டக்கிள் பிளான்ட் மெஷினரீஸ் என்ற நிறுவனம் ஜிஎஸ்டி வந்த தொடக்க காலத்து விற்பனை ஒன்றில், ஆந்திரப் பிரதேசத்தில் இருந்த வாங்குபவரின் எண்ணுக்குப் பதிலாக உத்தரப் பிரதேச எண்ணைத் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் காட்டிவிட்டது. 37 இருக்க வேண்டிய இடத்தில் 09. வாங்கியவருக்கு வரவு கிடைக்கவில்லை, அவர் திருத்தம் கேட்டார். அதற்குள் திருத்தக் காலக்கெடு 2019 மார்ச்சோடு முடிந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் நீதிபதி அனிதா சுமந்த் திருத்தத்தை அனுமதித்து உத்தரவிட்டார். நல்ல தீர்ப்பு. ஆனால் அது எதன்மேல் நின்றது என்று பார்க்க வேண்டும். கொடுத்தவர் காட்டியதையும் வாங்கியவர் காட்டியதையும் ஒப்பிட்டுப் பிழையை உரிய நேரத்தில் வெளிக்காட்டச் சட்டம் நினைத்திருந்த படிவங்கள் அப்போது நடைமுறைக்கே வரவில்லை. அவை இருந்திருந்தால் பிழை முன்பே தெரிந்திருக்கும், அவை இல்லாத நிலையில் வணிகரைத் தண்டிப்பது சரியல்ல என்பது அந்தத் தீர்ப்பின் ஆணிவேர். இன்று அந்த வேர் இல்லை. 2பி 2020 ஆகஸ்டிலிருந்து மாதாமாதம் நம் கண்முன் வருகிறது. ‘எனக்குத் தெரிய வழியில்லை’ என்று 2026இல் ஒருவர் சொன்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவார்.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அபர்டேர் டெக்னாலஜீஸ் வழக்கில், எழுத்துப் பிழையும் கணக்குப் பிழையும் மனிதருக்கு இயல்பு, அரசுக்கு வரி இழப்பில்லாதபோது திருத்தும் உரிமையை மறுக்க மென்பொருளின் குறையைக் காரணம் காட்ட முடியாது என்ற கருத்தில் வணிகர் பக்கம் நின்றது. நெஞ்சுக்கு ஆறுதலான சொல். ஆனாலும் ரூ.7,200க்கு யார் ரிட் மனு போடுவார்கள்? வக்கீல் கட்டணமும் சென்னைக்குப் போகும் பஸ் கட்டணமும் அதைத் தின்றுவிடும். நீதிமன்றக் கதவு பெரிய தொகைக்குத் திறந்திருக்கிறது. சிறியவருக்கு இருப்பது கடிதம்தான்.

அரசு தானாக முன்வந்து தளர்த்தியபோதும் கடிதத்தை விட்டுவிடவில்லை என்பது இன்னும் கவனிக்கத் தக்கது. 2022 டிசம்பர் 27 தேதியிட்ட 183ஆம் எண் சுற்றறிக்கை, 2017-18, 2018-19 ஆகிய இரண்டு ஆண்டுகளின் பழைய கணக்குகளுக்கு, கொடுத்தவர் தவறான எண்ணைக் காட்டியிருந்தாலும் உண்மையில் வாங்கியவருக்கு வரவு தரலாம் என்றது. எப்படி? ஓர் ஆண்டில் ஒரு விற்பனையாளரைப் பொறுத்த வேறுபாடு ரூ.5 லட்சத்தைத் தாண்டினால் பட்டயக் கணக்காளர் அல்லது செலவுக் கணக்காளர் சான்று. தாண்டாவிட்டால் சரக்கு கொடுத்தவரே எழுதித் தரும் சான்று. தவறான எண்ணுக்கு உரியவரின் அதிகாரிக்கும் தகவல் போக வேண்டும் என்றது. அதாவது நாலைந்து ஆண்டு கழித்துக் கொடுத்தவரைத் தேடிப்போய் ஒரு காகிதம் வாங்கிவரச் சொன்னது. அதற்குள் அவர் கடையை மூடியிருக்கலாம், கணக்குப்பிள்ளை மாறியிருக்கலாம். ஒரே மாதத்தில் எழுதியிருந்தால் அந்த அலைச்சல் இல்லை. அந்தச் சலுகையும் பழைய ஆண்டுகளுக்கு மட்டும். இன்றைய பில்லுக்கு அது பொருந்தாது.

இப்போது கடிதத்துக்கு வருவோம். நம் காப்பிக் கடைக்காரர் 2025 ஆகஸ்ட் 16ஆம் தேதி எழுதுவதாக வைத்துக்கொண்டால், நான் பரிந்துரைக்கும் வாசகம் இப்படி இருக்கும்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். உங்கள் 214ஆம் எண் பில், தேதி 18.7.2025, வரிக்கு முன் மதிப்பு ரூ.40,000, வரி ரூ.7,200, மொத்தம் ரூ.47,200. இந்த பில்லில் எங்கள் பெயரும் முகவரியும் சரியாக இருக்கின்றன. ஜிஎஸ்டி எண் மட்டும் வேறொரு வியாபாரியுடையது. எங்கள் எண் 33ABCDE1234F1Z7. பதிவுச் சான்றின் நகலை இணைத்திருக்கிறோம். சரக்கு முழுமையாக வந்து சேர்ந்தது. அளவிலும் விலையிலும் வேறுபாடு இல்லை. எங்கள் ஜூலை மாத 2பி-யில் இந்த பில் வரவில்லை. உங்கள் ஜூலை ஜிஎஸ்டிஆர்-1இல் இது அதே தவறான எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, ஏறியிருந்தால் செப்டம்பர் 11க்குள் போடவிருக்கும் ஆகஸ்ட் மாத ஜிஎஸ்டிஆர்-1இல் 9ஏ அட்டவணை வழியாக வாங்குபவர் எண்ணைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். அதற்கு ஒத்தபடி, பில் எண், தேதி, தொகை எதுவும் மாறாமல், எங்கள் எண்ணோடு கையெழுத்திட்ட பில்லையும் அனுப்பித் தாருங்கள். அது வந்ததும் கையிலுள்ள மூலப் பிரதியைத் திருப்பித் தந்துவிடுகிறோம். உங்கள் கம்ப்யூட்டரில் எங்கள் பெயருக்கு எதிரே உள்ள எண்ணையும் சரிபார்த்துவிட்டால் அடுத்த பில் பிழையில்லாமல் வரும். பில் தொகையை வழக்கமான தவணையில் செலுத்திவிடுவோம்.”

இதில் சில வரிகள் ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். சரக்கு வந்தது, விலையில் வேறுபாடு இல்லை என்ற வரி இல்லாவிட்டால், பில்லை மாற்றச் சொல்பவர் விலையைக் குறைக்கப் பார்க்கிறாரோ என்ற சந்தேகம் கொடுத்தவருக்கு வரும். தேதியும் தொகையும் மாறக் கூடாது என்ற வரி அதைவிட அவசியம். பலர் இரக்கப்பட்டு இன்றைய தேதியில் புது பில் போட்டுத் தந்துவிடுகிறார்கள். சரக்கு ஜூலையில் வண்டியேறியது, பில் ஆகஸ்டில் பிறந்தது என்று ஆகிவிடும். சரக்கு கிளம்பும்போதோ அதற்கு முன்போ பில் இருக்க வேண்டும் என்பது சட்டம். பழைய பில்லும் ரிட்டர்னில் அப்படியே இருந்தால் ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனை என்ற கோலமும் வரும். அடுத்த மாத ரிட்டர்ன் தேதியை வெளிப்படையாக எழுதியதும் காரணத்தோடுதான். ‘விரைவில்’ என்று எழுதினால் அது எந்த மாதத்திலும் வராது.

பணம் பற்றிய கடைசி வரியில் என் கருத்தை ஏற்காதவர்கள் இருப்பார்கள். திருத்தும்வரை பணம் தர மாட்டேன் என்று எழுதுவதுதானே பிடிமானம் என்பார்கள். வரித் தொகையை மட்டும் நிறுத்தி வைப்பது வணிக வழக்கில் உண்டு, நீண்ட நாள் இழுக்கிற ஆளிடம் அது தேவைப்படலாம். முதல் கடிதத்திலேயே அதைச் சொல்வது வேண்டாம் என்கிறேன். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்காத அளவுக்கு எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். நம் உதாரணத்தில் அந்த நாள் 2026 ஜனவரி 14. பிடிமானம் என்று நினைத்துப் பொங்கல்வரை இழுத்தால் கயிறு நம் கழுத்திலும் விழுகிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் போதாதா என்ற கேள்விக்கும் இடம் உண்டு. சட்டம் எந்த வடிவத்தையும் கட்டாயப்படுத்தவில்லை, போனில் பேசினாலும் நல்ல மனிதர் திருத்திவிடுவார். ஆனால் மலைப்பாதையில் மண் சரிந்தால் ஏற்காட்டு வண்டிகளெல்லாம் குப்பனூர் வழியாகத் திரும்புகிற மாதிரி, பேச்சு அடைபட்டால் திரும்ப ஒரு வழி வேண்டும். தேதியிட்ட கடிதமோ மின்னஞ்சலோ அந்த வழி. நாம் எப்போது பிழையைக் கண்டோம், எப்போது சொன்னோம் என்பதை அது காட்டும். பின்னால் ஓர் அதிகாரி கேட்டாலும் வழக்கு என்று வந்தாலும் முதலில் பார்க்கப்படுவது அதுதான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு, அதாவது காம்போசிஷன் கட்டுபவர்களுக்கு, இன்புட்டே கிடையாது. அவர்களுக்கு இந்தக் கடிதத்தால் ரூபாய் லாபம் இல்லை, கணக்குச் சுத்தம் மட்டும் உண்டு.

கடிதம் போன பிறகு பார்க்க வேண்டிய நாள் செப்டம்பர் 14. ஆகஸ்ட் மாத 2பி-யில் 214ஆம் எண் பில் திருத்தப்பட்ட பில்களின் பகுதியில் ரூ.7,200 வரியோடு வந்திருந்தால், செப்டம்பர் 20க்குள் போடும் 3பி-யில் அதை எடுத்துக்கொள்ளலாம். வராவிட்டால் முதல் கடிதத்தின் நகலை இணைத்து இரண்டாவது கடிதம், அதில் அடுத்த தேதி அக்டோபர் 11. சட்டம் தரும் கடைசி எல்லை தொலைவில் இருக்கிறது: 2025-26 நிதியாண்டு பில்லைத் திருத்தவும் வரவு எடுக்கவும் 2026 நவம்பர் 30, அல்லது ஆண்டு ரிட்டர்ன் அதற்கு முன் போடப்பட்டால் அந்த நாள். எல்லை தொலைவில் இருப்பதால் சும்மா இருக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரிட்டர்னில் ஒரு பில்லை மறுபடி மறுபடி திருத்திக்கொண்டே போக முடியாது என்பதால், கொடுத்தவர் திருத்தும்போது எண்ணைப் பதிவுச் சான்றைப் பார்த்து அடிக்க வேண்டும். அதனால்தான் சான்றின் நகலை இணைக்கச் சொன்னேன். திருத்திய பில், பழைய பில்லின் நகல், நம் கடிதம், அவர் பதில், இரண்டு மாத 2பி பக்கங்கள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் கோத்து வைக்க வேண்டும். கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் காக்கச் சொல்கிறது சட்டம். 2025-26க்கு ஆண்டு ரிட்டர்ன் 2026 டிசம்பர் 31. ஆகவே அந்த ஃபைல் 2032 டிசம்பர் 31வரை கடை அலமாரியில் இருக்க வேண்டும்.